தமிழ் சப்டைட்டில்: பெட்டியும் புள்ளி வட்டமும் வராமல், நேரமும் நழுவாமல்

கேள்வி: எங்கப்பா குழுவோட தெருக்கூத்தைப் பத்தி 58 நிமிஷப் படம் ஒண்ணு எடுத்திருக்கேன். தமிழ்ப் பேச்சுக்குத் தமிழிலேயே சப்டைட்டில் போட்டேன். எடிட் பண்ற கம்ப்யூட்டர்ல எல்லாம் சரியா இருக்கு. ஃபோன்ல போட்டா à®, à¯னு ஏதோ வருது. அண்ணன் வீட்டு டிவியில வெறும் பெட்டி பெட்டியா இருக்கு. படம் முடியுற நேரத்துல ஆள் பேசுறதுக்கு மூணு நொடி முன்னாடியே எழுத்து வந்துடுது. எல்லா இடத்துலயும் ஒழுங்கா வர ஒரே ஃபைல் தயார் பண்ண முடியுமா?

பதில்:

ஒரே ஃபைல் எல்லாவற்றுக்கும் போதாது. கணினிக்கும் ஃபோனுக்கும் ஒரு `.srt` சப்டைட்டில் ஃபைல், டிவிக்கு எழுத்தைப் படத்தோடு பதித்த ஒரு வீடியோ என்று இரண்டு வேண்டியிருக்கும். ஆனால் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வரலாம். அந்த மூலத்தைச் சரியாகச் செய்வதில்தான் உழைப்பு. நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று தனித்தனி நோய்கள், ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது.

ஃபோனில் வரும் à® என்பதிலிருந்து தொடங்குகிறேன். யூனிகோடில் தமிழுக்கு U+0B80 முதல் U+0BFF வரை இடம் உண்டு. யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது அந்தக் குறிகள் ஒவ்வொன்றும் மூன்று பைட் ஆகிறது. தகரம் E0 AE A4. புள்ளி E0 AF 8D. எல்லாத் தமிழ்க் குறிகளும் E0 AE அல்லது E0 AF என்றே தொடங்கும். இந்த மூன்று பைட்டையும் ஒன்றாகப் படிக்காமல், பழைய விண்டோஸ் ஐரோப்பிய முறைப்படி தனித்தனி எழுத்தாக ஒரு பிளேயர் படித்தால் E0 என்பது à ஆகும், AE என்பது ® ஆகும். உங்கள் ஃபோனில் நடப்பது இதுதான். ஆகவே ஃபைல் கெடவில்லை, படிக்கிற மென்பொருள் தவறாக ஊகிக்கிறது. à® தெரிகிற நிலையில் அதைத் திறந்து திருத்திச் சேமித்துவிடாதீர்கள். அப்போதுதான் உண்மையாகவே கெடும்.

இதற்கு மருந்து, ஃபைலின் தலையில் EF BB BF என்ற மூன்று பைட் அடையாளத்தை வைப்பது. பாம் என்பார்கள். நோட்பேடில் சேமிக்கும்போது கீழே `Encoding` என்ற இடத்தில் `UTF-8 with BOM` என்று தேர்ந்தெடுத்தால் போதும். அதைப் பார்த்ததும் பெரும்பாலான பிளேயர்கள் ஊகிப்பதை நிறுத்திவிடும். ஒரு எச்சரிக்கை: சில பழைய பிளேயர்கள் இந்த அடையாளத்தையே முதல் வரியின் எண்ணோடு சேர்த்துப் படித்துக் குழம்பும். படத்தின் முதல் சப்டைட்டில் மட்டும் வராமல் இரண்டாவதிலிருந்து ஒழுங்காக வந்தால் காரணம் பாம்தான். அந்தக் கருவிக்கு மட்டும் பாம் இல்லாத நகல் கொடுங்கள்.

à®வுக்குப் பதிலாக வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால் நிலைமை வேறு. யாரோ அதை ஆன்சி என்ற பழைய முறையில் சேமித்திருக்கிறார்கள், தமிழ் எழுத்துகள் அப்போதே அழிந்துவிட்டன. மீட்க வழியில்லை, மூலத்துக்குத்தான் போக வேண்டும். 2019-க்கு முந்தைய விண்டோஸ் நோட்பேட் தானாகத் தேர்ந்தெடுத்தது ஆன்சியைத்தான், அதனால் பழைய கணினியில் திருத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கூத்துப் படம் என்பதால் இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். பாடல் வரிகளை டிடிபி கடையில் முன்பு அடித்து வைத்த ஃபைலிலிருந்து எடுத்தீர்களா? அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால், தமிழ் என்ற சொல் உள்ளே `jkpo;` என்றுதான் இருக்கும். அந்த எழுத்துரு உள்ள கணினியில் மட்டும் தமிழாகத் தெரியும், சப்டைட்டிலில் எந்தக் கருவியிலும் தெரியாது. என்கோடிங்கை மாற்றிப் பயனில்லை. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டு எடுத்து, பிறகு கண்ணால் ஒருமுறை படிக்க வேண்டும். கௌ என்ற இடத்தில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் தனித்தனியாக வந்திருக்கிறதா, துணைக்கால் வரவேண்டிய இடத்தில் ரகரம் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். திரையில் வேறுபாடு தெரியாது, ஆனால் தேடினால் சொல் கிடைக்காது.

இனி டிவி. பெட்டி பெட்டியாக வருவது என்கோடிங் கோளாறு அல்ல. டிவி எழுத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறது, அதை வரையத் தமிழ் எழுத்துரு அதனிடம் இல்லை. `.srt` ஃபைலுக்குள் எழுத்துருவை வைக்க முடியாது, அது வெறும் உரை. விண்டோஸில் லதாவோ நிர்மலாவோ இருக்கிறது, ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ் இருக்கிறது, ஆப்பிளில் தமிழ் சங்கம் எம்என் இருக்கிறது. அதனால் அங்கெல்லாம் தெரிகிறது. டிவியின் யூஎஸ்பி பிளேயரில் அப்படி எதுவும் இருக்கும் என்று நம்ப முடியாது.

எழுத்துரு இருந்தும் தமிழ் கோணலாக வரும் டிவிகளும் உண்டு, அது வேறு வகை. நாம் அடிப்பது ககரம், பிறகு கொம்பு என்ற வரிசையில். திரையில் கொம்பு இடப்பக்கம் போக வேண்டும். கொ என்றால் கொம்பு இடத்தில், கால் வலத்தில் என்று பிரிய வேண்டும். கு, மு, து ஒவ்வொன்றும் தனி வடிவம் எடுக்க வேண்டும். இந்த வேலையைச் செய்ய மென்பொருளுக்குள் தனி இயந்திரம் வேண்டும். அது இல்லாத பிளேயரில் கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் நிற்கும், உகரக் கொக்கி தனியே தொங்கும். இதைக் கண்டுபிடிக்க நான் எப்போதும் ஒரு சோதனை ஃபைல் வைத்திருக்கிறேன்:

```
1
00:00:01,000 --> 00:00:08,000
கொக்கு போனது, மைனா வந்தது
நூல் தூது கௌரி ஸ்ரீ
```

இந்த இரண்டு வரியும் ஒரு கருவியில் ஒழுங்காக வந்துவிட்டால் மற்ற எல்லாமும் வரும். படம் முழுவதையும் ஓட்டிப் பார்த்துத் தேட வேண்டியதில்லை.

எழுத்துக்கு நடுவே புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று தெரிந்தால் மட்டும் குற்றம் கருவியுடையது அல்ல, உங்கள் உரையுடையது. கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பிறகு அடித்திருக்கிறீர்கள், அல்லது வரி உடைந்த இடத்தில் எழுத்து மேலேயும் அதன் புள்ளி கீழேயும் போயிருக்கிறது. இன்னொரு ஒளிந்த தொல்லை: கொ என்பதில் வரும் ஒகரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். நல்ல மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றுதான், சுமாரான பிளேயருக்கு இரண்டாவது தடுமாற்றம் தரும். எல்லாவற்றையும் ஒரே குறியாக்கும் நிரலைக் கீழே தருகிறேன். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய வரிகளில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புத் தடைக் குறி, U+200C, ஒட்டிக்கொண்டு வரும். அதுவும் டிவியில் சொல்லின் நடுவே ஒரு பெட்டியாகத் தெரியலாம். பாட்டுக்கு ♪ குறி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், பல தமிழ் எழுத்துருக்களில் அந்தக் குறி கிடையாது. சாய்வெழுத்துக்கான `<i>` குறியையும் சில டிவிகள் அப்படியே எழுத்தாகக் காட்டும். பாட்டு என்று தெரிய மேற்கோள் குறி போதும்.

டிவிக்கு ஒரே உறுதியான தீர்வு, எழுத்தைப் படத்தோடு பதித்துவிடுவது. எம்கேவி ஃபைலுக்குள் எழுத்துருவை இணைத்துக் கொடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கணினியில் விஎல்சியில் அது நன்றாக வேலை செய்யும், ஆனால் இணைத்த எழுத்துருவைக் கண்டுகொள்ளாத டிவிகள் நிறைய. பதித்துவிட்டால் டிவிக்கு அது வெறும் படம்தான். ffmpeg என்ற இலவச மென்பொருளில் அதற்கான கட்டளை:

```
ffmpeg -i koothu.mp4 -vf "subtitles=koothu.ta.srt:force_style='FontName=Noto Sans Tamil,FontSize=20'" -c:a copy koothu-tv.mp4
```

அந்தப் பெயரில் எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டால் கட்டளை நின்றுவிடாது, வேறு எதையாவது எடுத்துக்கொண்டு போய்விடும். அதனால் ஓடும்போது திரையில் `fontselect` என்ற சொல் உள்ள வரியைப் பாருங்கள், எந்த எழுத்துருவை எடுத்தது என்று அங்கே இருக்கும். படம் முழுவதையும் பதிக்கும் முன் `-t 60` சேர்த்து ஒரு நிமிடம் மட்டும் பதித்து டிவியில் போட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்து நேரம். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் விடை உங்கள் வாக்கியத்திலேயே இருக்கிறது. 58 நிமிடம் என்றால் 3480 நொடி. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 3.48 நொடி. படம் முடியும்போது மூன்று நொடி அளவுக்கு முன்னால் வருகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது நொடிக்கு 24 சட்டகம், அதாவது ஃப்ரேம், என்பதற்கும் 23.976 என்பதற்கும் இடையிலான வேறுபாட்டை.

உங்கள் வீடியோ நொடிக்கு 23.976 சட்டகம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் எடிட்டிங் மென்பொருளின் டைம்கோடு 24 சட்டகத்தை ஒரு நொடி என்று எண்ணுகிறது. டைம்கோடு 57 நிமிடம் 40 நொடி என்று காட்டும்போது கடிகாரத்தில் 57 நிமிடம் 43.46 நொடி ஆகியிருக்கும். சப்டைட்டிலை வெளியே எடுத்தபோது டைம்கோடை அப்படியே கடிகார நேரமாக `.srt`-இல் எழுதியிருக்கிறது. மென்பொருளுக்குள் படமும் எழுத்தும் ஒரே டைம்கோட்டில் ஓடுவதால் அங்கே எப்போதும் சரியாகத்தான் தெரியும். வெளியே வந்ததும் பிளேயர் உண்மையான நொடியைப் பார்க்கிறது. தொடக்கத்தில் 12-ஆவது நொடியில் வரும் வரிக்கு வேறுபாடு நொடியில் நூறில் ஒரு பங்குதான், யாருக்கும் தெரியாது. போகப் போகப் பெருகும்.

ஊகத்தை நம்பித் திருத்த வேண்டாம், ffmpeg-உடன் வரும் ffprobe-ஐக் கொண்டு முதலில் உறுதிசெய்யுங்கள்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=r_frame_rate,avg_frame_rate,start_time koothu.mp4
```

`24000/1001` என்று வந்தால் அது 23.976. பிறகு படத்தில் மூன்று இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் வசனம், 29-ஆவது நிமிடத்துக்கு அருகே ஒன்று, கடைசி வசனம். ஒவ்வொன்றிலும் வாய் திறக்கும் கணத்துக்கும் எழுத்து வரும் கணத்துக்கும் இடைவெளியை அளந்து எழுதுங்கள். முதலில் சுழி, நடுவில் சுமார் 1.7, முடிவில் சுமார் 3.5 என்று வந்தால் நோய் இதுவேதான், எல்லா நேரத்தையும் 1.001-ஆல் பெருக்கினால் தீர்ந்தது. மூன்று இடத்திலும் ஒரே அளவு வந்தால் பெருக்கக் கூடாது, எல்லாவற்றையும் அந்த அளவு தள்ளினால் போதும். தொடக்கமும் நடுவும் சரியாக இருந்து ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் பிறகு திடீரென்று தள்ளினால், சப்டைட்டில் போட்ட பிறகு அந்த இடத்தில் யாரோ காட்சியை வெட்டியிருக்கிறார்கள் அல்லது சேர்த்திருக்கிறார்கள். பிழை ஒருசமயம் கூடி ஒருசமயம் குறைந்தால், ஃபோனில் எடுத்த காட்சிகளைச் சந்தேகப்படுங்கள். ஃபோன் கேமரா வெளிச்சத்துக்கு ஏற்ப சட்டக வேகத்தை மாற்றிக்கொண்டே எடுக்கும். இரவுக் கூத்தில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் எடுத்திருந்தால் இது நடந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மேலே உள்ள கட்டளையை அந்த ஃபோன் காட்சியின் ஃபைலில் ஓட்டும்போது `r_frame_rate`, `avg_frame_rate` இரண்டும் வேறு வேறாக வருவது அதற்கு அடையாளம். அந்தக் காட்சிகளை எடிட்டுக்கு முன்பே நிலையான வேகத்துக்கு மாற்றியிருக்க வேண்டும்.

உங்கள் நிலைக்குப் பொருந்தும் பைத்தான் நிரல் இது. எழுத்துக் குறிகளை ஒன்றாக்குவது, U+200C-ஐ எடுப்பது, நேரத்தைப் பெருக்குவது, பாமோடு சேமிப்பது நான்கையும் செய்யும்:

```python
import re, unicodedata

def neram(m):
    h, n, s, ms = map(int, m.groups())
    t = round((((h*60 + n)*60 + s)*1000 + ms) * 1.001)
    return "%02d:%02d:%02d,%03d" % (
        t//3600000, t//60000 % 60, t//1000 % 60, t % 1000)

x = open("koothu.srt", encoding="utf-8-sig").read()
x = unicodedata.normalize("NFC", x).replace("\u200c", "")
x = re.sub(r"(\d\d):(\d\d):(\d\d),(\d\d\d)", neram, x)
open("koothu.ta.srt", "w", encoding="utf-8-sig",
     newline="\r\n").write(x)
```

`00:57:40,000` என்றிருந்த வரி `00:57:43,460` ஆகியிருந்தால் நிரல் சரியாக ஓடியிருக்கிறது. இரண்டு முறை ஓட்டிவிடாதீர்கள். அதனால்தான் வேறு பெயரில் சேமிக்க வைத்திருக்கிறேன். ரிக்ஷா போன்ற சொல்லில் ககரமும் ஷகரமும் ஒட்டாமல் நிற்க வேண்டும் என்று நீங்களே U+200C போட்டிருந்தால் அந்த இடத்தை மட்டும் பிறகு கவனியுங்கள்.

ஒரு கருவியில் மட்டும் நேரம் நழுவி, மற்றவற்றில் சரியாக இருந்தால் சப்டைட்டிலைத் தொடவே கூடாது. பெரும்பாலும் வீடியோவின் தொடக்கத்தை மறுபதிவு செய்யாமல் வெட்டியிருப்பார்கள். வெட்டிய சில நொடிகள் ஃபைலுக்குள்ளேயே ஒளிந்திருக்கும், இங்கிருந்து தொடங்கு என்று ஒரு குறிப்பும் இருக்கும். கணினி அந்தக் குறிப்பை மதிக்கும், சில டிவிகள் மதிக்காமல் ஒளிந்த பகுதியிலிருந்தே ஓட்டும். சப்டைட்டிலை அந்த டிவிக்காகத் திருத்தினால் மற்ற எல்லா இடத்திலும் கெடும். வீடியோவை எடிட்டிங் மென்பொருளிலிருந்து மறுபடி முழுசாக வெளியே எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, எழுத்து எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது. சப்டைட்டில் மென்பொருள்கள் நொடிக்கு இத்தனை எழுத்து என்று கணக்கிட்டு, மிஞ்சினால் சிவப்புக் காட்டும். தமிழுக்கு அந்த எண்ணை அப்படியே நம்பாதீர்கள். "நாளைக்கு ராத்திரி கூத்து இருக்கு, வந்துடுங்க" என்ற வரியைப் பாருங்கள். நாம் எண்ணினால் 21 எழுத்து, இடைவெளியும் காற்புள்ளியும் சேர்த்து 26. பல மென்பொருள்கள் புள்ளியையும் கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணி 44 என்று சொல்லும். இரண்டு நொடி நிற்கும் வரிக்கு அது நொடிக்கு 22 என்று அலறும், உண்மையில் 13தான். அந்தச் சிவப்பைப் பார்த்துப் பயந்து வசனத்தைச் சுருக்கியவர்களை எனக்குத் தெரியும், பேச்சின் அழகு அப்படியே போய்விடும். நான் நொடிக்கு 12 தமிழ் எழுத்து என்று வைத்துக்கொள்கிறேன், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் திணறாமல் படிப்பது அந்த வேகத்தில்தான். அந்தக் கணக்கில் இந்த வரிக்கு 2.2 நொடி கொடுத்தால் போதும். எந்த வரியும் ஒரு நொடிக்குக் குறையாமல், ஏழு நொடிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேச்சை எழுத்து வழக்குக்கு மாற்ற வேண்டாம் என்பதும் என் எண்ணம். வந்துடுங்க என்பது வந்துவிடுங்கள் ஆனால் எழுத்தும் கூடும், காதில் விழுவதும் கண்ணில் படுவதும் வேறாகும். வரியின் நீளத்திலும் கொஞ்சம் இடம் விடுங்கள். உங்கள் கணினியில் இரண்டு வரியாக அடங்குவது, அகலமான எழுத்துரு உள்ள ஃபோனில் மூன்றாக மடங்கும். திரையின் அகலத்தில் முக்கால் பங்கோடு நிறுத்துவது என் வழக்கம்.

கூத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கட்டியங்காரன் பேசி முடிக்கும் முன்பே பின்பாட்டுக்காரர்கள் எடுத்துவிடுவார்கள். இருவருக்கும் தனித்தனி வரி போட்டு நேரத்தை ஒன்றின்மேல் ஒன்றாக விட்டால், விஎல்சி இரண்டையும் அடுக்கிக் காட்டும். சில டிவிகள் ஒன்றை விழுங்கிவிடும், சில இரண்டையும் மாறி மாறி மினுக்கும். அந்த இடங்களில் ஒரே சப்டைட்டிலுக்குள் இரண்டு வரியாக, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சிறு கோடு போட்டு எழுதுங்கள். நடுவில் வெற்று வரி விடக் கூடாது, `.srt`-இல் வெற்று வரி என்றால் அந்த சப்டைட்டில் முடிந்தது என்று பொருள். அடுத்தடுத்து வரும் இரண்டு சப்டைட்டில்களுக்கு இடையில் இரண்டு சட்டகம், அதாவது சுமார் 0.08 நொடி விட்டால் எழுத்து மாறியது கண்ணுக்குத் தெரியும்.

இணையத்தில் உங்கள் சொந்தப் பக்கத்தில் போடுவதானால் `.vtt` வேண்டும். முதல் வரியில் `WEBVTT`, அடுத்து ஒரு வெற்று வரி, நேரத்தில் காற்புள்ளிக்குப் பதில் புள்ளி, யூடிஎஃப்-8 கட்டாயம். வேறு மாற்றம் இல்லை.

உங்களுக்கு இப்போது வேலையின் வரிசை இப்படி: நேரத்தை மூன்று இடத்தில் அளந்து, நிரலை ஒருமுறை ஓட்டி, `koothu.ta.srt`-ஐ `koothu.mp4`-உடன் ஒரே ஃபோல்டரில் வைத்து ஃபோனில் கடைசி ஐந்து நிமிடத்தைப் பாருங்கள். அது சரியாக வந்த பிறகே டிவிக்குப் பதியுங்கள், பதித்த பின் திருத்த முடியாது. மூன்று இடத்து அளவுகளும் நான் சொன்னதுபோல் ஏறுவரிசையில் வராவிட்டால், அந்த மூன்று எண்ணையும் `ffprobe` கட்டளை காட்டியதையும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.